நிலுவையில் உள்ள உறவு

மெற்றில்டா சோதனைக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தது பேத்தி அடெலுக்காகத்தான். தன் வம்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவருக்கு இந்த எழுபது வயதுவரை வந்ததே இல்லை. தெரியாமல் இருக்க அதில் என்ன இருக்கிறது? அப்பா ரொசாரியோ பர்னாந்து, மாலத்தீவுக்குக் காய்கறியும் கருங்கல் ஜல்லியும் ஏற்றிப்போன தோணியை நடத்திய தண்டல். தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மா செலஸ்தீனம்மாள், அவரும் தூத்துக்குடிக்காரர். மெற்றில்டா வளர்ந்து துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டினார். மலைபோல நிற்கும் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து கரையோடு சேர்க்கிற வேலை. கேப்டன் அம்மா என்றால் துறைமுகத்தில் இன்றைக்கும் தெரியும்.

கடல் மட்டம் ஏறி மாலத்தீவின் தீவுகள் ஒவ்வொன்றாக மூழ்கிய பிறகு வந்த சட்டம் அது. கடலோரக் காவலில் சேருகிறவர்கள் மூன்று தலைமுறையாக இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று மரபணுவால் காட்ட வேண்டும். தாய்வழியிலும் வேண்டும், தந்தைவழியிலும் வேண்டும். அடெலின் அம்மா ஜெசிந்தா, மெற்றில்டாவின் ஒரே மகள், கொச்சியில் வேலையில் இருந்தாள். தாய்வழியில் உயிரோடு இருக்கும் மூத்தவர் மெற்றில்டாதான்.

முடிவு வந்த அன்று அடெல் வீட்டுக்குள் ஓடிவந்தாள். "பாட்டி, பாஸ்! தென்னிந்தியக் கடலோரம் தொண்ணூத்திமூணு சதவீதம்!"

"மிச்சம் ஏழு?"

"அது இலங்கை, அரபு, அப்டி இப்டின்னு போட்டிருக்கு. அத விடுங்க." அடெல் திரையைக் கீழே தள்ளினாள். அவள் விரல் நின்றது. "பாட்டி, கீழ ஒரு பேர் இருக்கு. நெருங்கிய உறவுன்னு. ஹவ்வா. வயசு எழுபத்தெட்டு. முகவரி, நாலாம் மிதவை."

மிதவை என்றதும் மெற்றில்டாவுக்குப் பழைய நினைவு வந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடக்கும் அந்த இரும்புத் தட்டுகளை ஆழ்கடலிலிருந்து இழுத்துவந்தவர்களில் அவரும் ஒருவர். வேலையில் இருந்து ஓய்வு பெறும் முன் கடைசியாகச் செய்த பெரிய வேலை அதுதான். ஊரும் தீவும் மூழ்கிப்போன ஆட்கள் அந்தத் தட்டுகளில் தகரக் கூரை போட்டு பத்து வருஷமாக வாழ்கிறார்கள். இந்தியக் குடிமகன் ஒருவர் நெருங்கிய உறவென்று நிரூபித்தால் கரையில் இறங்கலாம். இல்லாதவர்களை வாடைக் காற்று தொடங்கும் முன் வேறு நாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகப்போவதாகப் பேச்சு.

"மிஷின் தப்பா சொல்லுது," என்றார் மெற்றில்டா.

மிஷின் தப்பாகச் சொல்லவில்லை என்பதை மறுநாள் உறவு அலுவலகத்தில் மாசானமுத்து சொன்னார். நாற்பது வயது ஆலோசகர். இப்படிப்பட்ட செய்திகளைச் சொல்லிச் சொல்லியே குரல் தணிந்துபோனவர். பாட்டியையும் பேத்தியையும் உட்காரவைத்துவிட்டு அவரும் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கேப்டன் அம்மா, இதுல ரெண்டு சமாச்சாரம் இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. இந்த சதவீதக் கணக்கு இருக்குல்ல, அது ஒரு மதிப்பீடு. ஒவ்வொரு பகுதியிலயும் தலைமுறை தலைமுறையா இருக்கிற ஆட்கள்ட்ட மாதிரி எடுத்து வச்சிருக்காவ. உங்க மரபணுவைத் துண்டு துண்டாப் பாத்து, எந்த ஊர் மாதிரியோட ஒத்துப்போகுதோ அந்த டப்பால மிஷின் போட்டுரும். மாதிரி கூடினா சதவீதமும் மாறும். உங்க ரத்தம் அதேதான், டப்பாதான் மாறுது."

"உறவு?"

"அது மதிப்பீடு இல்ல. ரெண்டு பேர் மரபணுவை நேருக்கு நேரா வச்சு, எழுத்து மாறாம நீளநீளமா ஒத்துப்போற துண்டைத் தேடுறது. தூரத்துச் சொந்தம்னா சின்னச் சின்னதா நாலு துண்டு இருக்கும். தீவுக்காரங்க முந்நூறு நானூறு பேருக்குள்ளயே கட்டிக் குடுத்தவங்க. அங்க எல்லாருக்கும் எல்லாரோடயும் குட்டித் துண்டு ஒத்துப்போகும். அதனால குட்டித் துண்டை நாங்க கணக்குலயே சேக்கிறதில்ல. உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் இருக்கிறது பெரிய பெரிய துண்டு. இந்த அளவு ஒத்துப்போனா அக்கா தங்கச்சியா இருக்கலாம், ஒரு பெற்றோர் மட்டும் ஒண்ணான பாதிச் சகோதரியா இருக்கலாம், அத்தையா, சித்தியா இருக்கலாம். எதுன்னு இந்தப் பட்டியல் பிரிச்சுச் சொல்லாது. வேணும்னேதான் அப்டி வச்சிருக்கு, ஆளோட அந்தரங்கம்னு. விரிவா ஆராய்ச்சி பண்ணினாத்தான் தெரியும். அதைத் திறந்தா முடிவு நேரா பதிவேட்டுக்குப் போயிரும்."

மெற்றில்டாவின் முகம் சிவந்தது. வயது வித்தியாசம் எட்டு. அப்பா மாதம் தவறாமல் மாலத்தீவு போனவர். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"எங்கப்பா," என்றார். "அங்க ஒரு குடும்பம் வச்சிருந்திருக்காரு."

மாசானமுத்து ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்த அம்மா பேர்ல உரிமை கோரிக்கை தானாவே பதிவாயிருச்சு. அவங்களோட ரெண்டு பேத்திங்களும் அதுல வாறாங்க. விசாரணைல நீங்க ரெண்டு பேரும் உறவுன்னு சத்தியம் பண்ணணும். அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள தணிக்கை வரும், அப்ப விரிவான ஆராய்ச்சியைத் திறப்பாவ."

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது அடெல்தான் அதைக் கேட்டாள். "பாட்டி, கிளாட்வின் மாமா பேர் ஏன் பட்டியல்ல இல்ல?"

கிளாட்வின், மெற்றில்டாவின் இறந்துபோன அண்ணன் தொம்மையின் மகன். மீன்பிடி உரிமத்துக்காக எப்போதோ சோதனை கொடுத்தவன். கூடப்பிறந்தவனின் மகன் நெருங்கிய உறவுப் பட்டியலில் வந்திருக்க வேண்டும். பெயரை மறைத்து வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு மெற்றில்டா திரேஸ்புரத்துக்குப் போனார்.

வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த கிளாட்வின் சிரித்தான். "நான் எதுக்கு அத்தை மறைக்கேன்? பாருங்க." அவனுடைய பட்டியலை நீட்டினான். ரொசாரியோ தண்டலின் தம்பி மகள் அதில் இருந்தாள். செலஸ்தீனம்மாளின் அண்ணன் மகன் இருந்தான். ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் மெற்றில்டா முன்வரிசையில் நின்ற குடும்பங்கள் எல்லாம் இருந்தன. மெற்றில்டா இல்லை.

அவர் அங்கே தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பவும் உறவு அலுவலகத்துக்கு வந்தார்.

"ஒரு ஆள் இல்லங்கறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா," என்றார் மாசானமுத்து. "உங்க அண்ணன் மகன் பக்கத்துல ஏதாவது மாறியிருக்கலாம்."

"அவன் எல்லாரோடயும் ஒத்துப்போறான். அப்பா பக்கமும் சரி, அம்மா பக்கமும் சரி. நான்தான் ஒருத்தரோடயும் ஒத்துப்போகல."

மாசானமுத்து பட்டியலை மறுபடி பார்த்தார். "தூரத்துச் சொந்தக்காரங்க ரெண்டு பேருக்கு ஒண்ணுமே ஒத்துப்போகாம இருக்கலாம். பிள்ளைக்குப் போறப்ப மரபணு கலைஞ்சு பாதிதான் போகுது, தலைமுறை தாண்டத் தாண்டக் கரைஞ்சுரும். ஆனா அப்பாவோட தம்பி மகள், அம்மாவோட அண்ணன் மகன், இவங்க அளவுக்குக் கிட்டத்துச் சொந்தம் பூஜ்யம் ஆகாது. தண்டல் உங்க அப்பா இல்லன்னா, அம்மா பக்கமாவது ஒத்துப்போயிருக்கணும். ரெண்டு பக்கமும் இல்லன்னா..."

அவர் முடிக்கவில்லை. மெற்றில்டா முடித்தார்.

"நான் அவங்க பிள்ளையே இல்ல."

*

நாலாம் மிதவைக்குப் போக அனுமதி கிடைத்தது. படகு பக்கத்தில் சென்றதும் துருவும் காய்ந்த மீனும் கலந்த வாடை வந்தது. பிள்ளைகள் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தன. ஹவ்வா மெலிந்த, உயரமான கிழவி. தலைத்துணிக்குக் கீழே நெற்றி அகலமாக இருந்தது. மெற்றில்டா தினமும் கண்ணாடியில் பார்க்கும் நெற்றி.

ஹவ்வாவுக்குச் சந்தைத் தமிழ் கொஞ்சம் வந்தது. மிச்சத்துக்கு இருவருக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை வைத்தார்கள். அவர் தன் தீவு மொழியான திவேஹியில் பேச, கருவி ஏற்ற இறக்கமில்லாத குரலில் தமிழில் சொன்னது.

"நீங்க தூத்துக்குடி தோணிக்காரர் மகள்னு சொன்னாங்க," என்றார் ஹவ்வா. "எங்க தீவுக்கும் தோணி வரும். எங்க அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. எங்க அப்பா பக்கம் ஏதாவது இருக்கலாம். அவர் தலைநகர் மாலேயில் வேலை பார்த்தவர். எப்படியோ, நீங்க என் ரத்தம்னு மிஷின் சொல்லுது. எனக்கு இனிமேல் எங்கே இருந்தா என்ன? என் பேத்திகள் ரெண்டு பேரும் மண்ணை மிதிக்கணும்."

"உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க உண்டா?" மெற்றில்டா கேட்டார்.

ஹவ்வா கடலைப் பார்த்தார்.

"ஒரு தம்பி இருந்தான், இப்ப இல்லை. ஒரு தங்கச்சி இருந்தா. ஷஹீமா. சுனாமி வந்தப்ப மூணு மாசக் கைக்குழந்தை. எங்க பக்கம் அது சுவர் மாதிரி வரலை. சத்தமே இல்லாம தரை ஈரமாச்சு, அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. அம்மா குழந்தையை என்கிட்ட குடுத்துட்டுத் தம்பியைத் தேடப் போனா. எனக்கு எட்டு வயசு. தூக்கி நிக்க முடியலை. துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணு மிதந்து வந்தது. அதுல அவளைப் படுக்கவச்சு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு கதவு மிதந்து வந்து என் தோள்ல அடிச்சது. கை நழுவிட்டது."

கருவி சொல்லி முடிப்பதற்காக ஹவ்வா காத்திருந்தார்.

"தொட்டி கவிழலை. பவளப்பாறையைத் தாண்டி வெளிக்கடல் பக்கம் போச்சு. போறதை நான் பார்த்தேன். சொன்னா யாரும் நம்பலை. முழுகிப் போயிட்டா, கதை கட்டாதேன்னு அம்மா சொன்னா. அதுக்கப்புறம் அம்மா சாகும்வரைக்கும் என் கையில் எதையும் தூக்கக் குடுத்ததே இல்லை. ஒரு குடம் தண்ணிகூட."

மெற்றில்டா கடலை அறிந்தவர். பவளப்பாறைக்கு வெளியே ஆழத்தில் சுனாமி ஒரு தோணியை அசைக்கக்கூடச் செய்யாது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆழத்தில் ஒரு தோணி வந்துகொண்டிருந்திருக்கும். உடைந்த பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தொட்டி வந்திருக்கும். தண்டல் குனிந்து எடுத்திருப்பார். தீவில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தாரா? மிஞ்சியிருந்தால் என்ன செய்வது என்று பயந்தாரா? பெண் குழந்தை இல்லாத மனைவியின் முகம் நினைவுக்கு வந்ததா? மாதாமாதம் மாலத்தீவு போன மனிதர், ஒரு முறையாவது விசாரித்திருக்கலாமே. விசாரித்தாரா, இல்லையா? அதைச் சொல்ல இப்போது எந்தச் சோதனையும் இல்லை.

கிளம்பும்போது ஹவ்வா தன் மரபணுத் தரவைப் பார்க்க ஒப்புதல் கொடுத்தார். சோதனை கொடுத்தவருக்குச் சொந்தமான தரவு அது. அவர் விருப்பப்பட்டால் யாரிடமும் கொடுக்கலாம்.

*

அடெல் வீட்டிலேயே இருவரின் தரவையும் ஒப்பிட்டாள். அதற்கான நிரல் யாருக்கும் கிடைக்கும். பதிவேட்டுக்குப் போகாது. மாசானமுத்து வேலை முடிந்ததும் தனி மனிதராக வந்து பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்.

திரையில் இருபத்திரண்டு பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக விரிந்தன. சில இடங்கள் மஞ்சள், சில இடங்கள் வெறுமை. நடுநடுவே பச்சை.

"ஒவ்வொரு குரோமோசோமும் நம்மகிட்ட ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. மஞ்சள்னா ஒரு பிரதி மட்டும் ஒத்துப்போகுது. பச்சைன்னா அதே இடத்துல ரெண்டுமே ஒத்துப்போகுது. பாதிச் சகோதரிக்கு ஒரு பெற்றோர் பக்கம் மட்டும்தான் பொது. அதனால மஞ்சள்தான் வரும். அத்தை, சித்தின்னாலும் அப்டித்தான். தீவுல எல்லாரும் சொந்தம்கிறதால அங்கங்க ஒரு பச்சைப் பொட்டு வரலாம். இப்டி நீளநீளமா, கிட்டத்தட்ட கால்வாசி பச்சை வரணும்னா..." மாசானமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "அப்பாவும் ஒண்ணு, அம்மாவும் ஒண்ணு. கூடப்பிறந்த அக்கா தங்கச்சி. அம்மா வழியா மட்டும் வர்ற மைட்டோகாண்ட்ரியா வரிசையும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு, பாருங்க."

"தொண்ணூத்திமூணு சதவீதம் கடலோரம்னு சொல்லிச்சே?" என்றாள் அடெல்.

"தீவுக்காரங்க மாதிரி அப்ப ரொம்பக் கொஞ்சம்மா. அவங்க முன்னோர்ல பெரும்பகுதி இந்தப் பக்கத்துல இருந்தும் இலங்கைல இருந்தும் போனவங்கதான். தீவுன்னு தனி டப்பா சரியா இல்ல. மிஷின் பக்கத்து டப்பால போட்டுருச்சு."

மெற்றில்டா பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க."

"உண்மையைச் சொன்னா நீங்க இந்தியக் குடிமக்களுக்குப் பிறந்தவங்க இல்லன்னு ஆயிரும். உங்க பேரைத் தீவு வகுப்புல மாத்துவாவ. ஜெசிந்தாவுக்கு மறுபதிவு. அடெலுக்கு வேலை போயிரும்." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அதோட, நீங்க குடிமகள் இல்லன்னா ஹவ்வா அம்மாவுக்குக் குடிமக்கள் உறவே இல்லன்னு ஆகுது. அவங்க கோரிக்கையும் தள்ளுபடி."

"அப்பா வழியில பாதிச் சகோதரின்னு சத்தியம் பண்ணினா?"

"இறங்கிருவாங்க. தணிக்கைல பச்சை தெரிஞ்சுரும். அப்ப பொய்ச் சத்தியக் குற்றமும் சேந்துக்கும். எல்லாருக்கும்."

அவர் போன பிறகு அடெல் திரையை மூடினாள்.

"பாட்டி, ஒண்ணும் சொல்லாண்டாம். உறவை ஏத்துக்க விருப்பமில்லன்னு எழுதிக் குடுத்துருங்க. அத யாரும் கேள்வி கேக்க முடியாது."

"அவ என்னய நழுவவிட்டுட்டோம்னு எழுபது வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கா, மக்கா."

"தெரியுது பாட்டி. ஆனா சொன்னீங்கன்னா? அவியளுக்கும் பேத்திங்க இருக்கு. கோரிக்கையை விடுவாவளா? விரிவா ஆராய்ச்சி பண்ணுங்கன்னு கேட்டாலே போச்சு. அம்மா போச்சு, நான் போச்சு. நான் இதுக்கு ரெண்டு வருஷம் கடல்ல நீந்தியிருக்கேன்." அடெல் அழுதாள். "அவிய யாரு நமக்கு? போன வாரம்வரை பேர்கூடத் தெரியாது."

மெற்றில்டா பேத்தியின் தலையைத் தடவினார். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் பாரமாக இருந்தது.

"ஏட்டி, அவ கையில தண்ணிக் குடத்தக்கூட அவ அம்மா குடுத்ததில்லியாம்," என்றார். "அத மட்டும் என்னால தாங்க முடியல."

*

விசாரணைக்கு முந்தின நாள் மெற்றில்டா தனியாக மிதவைக்குப் போனார். கருவி வேண்டாமென்று ஒதுக்கிவைத்தார். இதை அந்தக் குரல் சொல்லக்கூடாது. தெரிந்த தமிழை எளிமையாக்கி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தொட்டி கவிழல. தோணிக்காரர் எடுத்தாரு. வளத்தாரு. நான்தான் அது."

ஹவ்வாவுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது ஹவ்வா கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்தார். மெற்றில்டாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, தலைமுடியை விலக்கி, இடது காதுக்குப் பின்னால் எதையோ தேடினார். அங்கே என்ன கண்டாரோ, என்ன காணவில்லையோ, அவர் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, மெற்றில்டாவின் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துக்கொண்டார். சத்தமில்லாமல் அழுதார்.

பிறகு மெற்றில்டா சட்டத்தைச் சொன்னார். உண்மை சொன்னால் என்ன ஆகும், பொய் சொன்னால் என்ன ஆகும். அடெல், ஜெசிந்தா. எதையும் மறைக்கவில்லை. "நீங்க எது சொன்னாலும் நான் சரிம்பேன்," என்று முடித்தார்.

ஹவ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிதவைக்காரர்களுக்குச் சட்டம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடேயே வாழ்கிறவர்கள். பேத்திகள் இருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் விசாரணை அறையில் மூவர் இருந்தார்கள். நடுவில் விசாரணை அதிகாரி, ஓரத்தில் மாசானமுத்து, கதவருகே அடெல். புதிதாகக் கிடைத்த காவல் சீருடையைப் போட்டுவந்து நிற்கப் பிடிக்காமல் சாதாரண உடையில் வந்திருந்தாள்.

வயதில் மூத்தவரிடம் முதலில் கேட்பது வழக்கம். அதிகாரி ஹவ்வாவைப் பார்த்தார். "இவர் உங்களுக்கு என்ன உறவு?"

ஹவ்வா எழுந்து நின்றார். கருவி அவர் சொன்னதை மொழிபெயர்த்தது. "கோரிக்கையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒரு தங்கை இருந்தாள். அவள் உயிரோடு இல்லை. இவர் யாரென்று எனக்குத் தெரியாது."

மெற்றில்டாவின் முதுகு நிமிர்ந்தது. எட்டு வயதில் கை நழுவியதற்காக வாழ்நாள் முழுக்க வெந்தவள் இப்போது தானே கையை விடுகிறாள். இரண்டு பேத்திகளின் கரையையும் சேர்த்து விடுகிறாள்.

அதிகாரி மெற்றில்டா பக்கம் திரும்பினார். "திரும்பப் பெற்றால் ரெண்டு பேர் பட்டியலில் இருந்தும் இந்தப் பொருத்தத்தை நிரந்தரமா அழிச்சிருவோம். அப்புறம் சேர்க்க முடியாது. உங்க ஒப்புதல் வேணும். அழிக்கலாமா?"

அடெல் கதவருகே இருந்து முன்னால் வந்தாள். அவள் விரும்பியது இதைத்தான். கேட்டிருந்தாலும் இதைவிட நல்லதாகக் கிடைத்திருக்காது. ஆனால் அவள் முகம் வேறாக இருந்தது.

"பாட்டி," என்றாள். "அழிக்காதீங்க."

"திறக்கவா?" அதிகாரி அடெலைப் பார்த்தார், பிறகு மெற்றில்டாவை. "விரிவான ஆராய்ச்சியைத் திறக்கச் சொல்றீங்களா?"

மாசானமுத்து தொண்டையைச் செருமினார். தாளைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"ஐயா, விதிப்படி ஒரு தரப்புக்கு முடிவெடுக்க முடியலன்னா அவகாசம் கேக்கலாம். ஆறு மாசம். எத்தன தடவ கேக்கலாம்னு விதியில வரம்பு இல்ல. கோரிக்கை நிலுவையில இருக்கிற வரைக்கும் சம்பந்தப்பட்ட குடும்பத்தை மிதவையோட வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆராய்ச்சியையும் திறக்க முடியாது."

அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது.

"அம்மா?" என்றார்.

முப்பது வருஷம் கப்பல் இழுத்த மெற்றில்டாவின் குரல் ஒரு குழந்தையின் குரல்போல வந்தது. "அவகாசம் வேணும், ஐயா."

*

வாடைக் காற்று தொடங்கும் முன் ஆறு மிதவைகளை இழுத்துப் போனார்கள். நாலாம் மிதவை நின்றது. நிலுவைக் கோரிக்கை உள்ளவர்களை வெவ்வேறு மிதவைகளிலிருந்து கொண்டுவந்து அதில் சேர்த்தார்கள். செய்தி எப்படிப் பரவியதோ, அடுத்த வருஷம் அவகாசம் கேட்பவர்கள் பெருகினார்கள். சட்டத்தை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். அதுவும் ஒரு குழுவிடம் நிலுவையில் கிடக்கிறது.

அடெல் இப்போது ரோந்துப் படகில் இருக்கிறாள். நாலாம் மிதவையைச் சுற்றும் முறை வரும்போது ஹவ்வாவின் பேத்திகள் கம்பியருகே வந்து நிற்பார்கள். அவர்களைப் பார்த்து அவள் கையசைக்கக் கூடாது. அசைப்பதில்லை. படகை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவாள்.

கிளாட்வினிடம் மெற்றில்டா எதுவும் சொல்லவில்லை. பட்டியலில் ஏன் இல்லை என்று அவனும் கேட்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெற்றில்டா வழக்கம்போல ரொசாரியோ தண்டலின் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. நன்றி சொல்வதா, கணக்குக் கேட்பதா என்று தெரியாமல் மெழுகு உருகி முடியும்வரை நின்றுவிட்டு வந்தார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை விசாரணை நாள் வரும். அன்றைக்கு மட்டும் ஹவ்வாவைப் படகில் கரைக்குக் கூட்டிவருவார்கள். அழைக்கும்வரை அலுவலக வராந்தாவில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அதற்குத் தடை இல்லை. மெற்றில்டா டப்பாவில் சோறும் சூரைமீன் குழம்பும் கொண்டுவருவார். ஹவ்வா சாப்பிட்டுவிட்டு உப்புக் குறைவு என்பார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. பேசினால் யாராவது கேட்கலாம். சில நேரம் ஹவ்வா வெயிலில் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். அப்போது மெற்றில்டா நகராமல் உட்கார்ந்திருப்பார்.

இந்த முறை அதிகாரி புதியவர். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

மொழிபெயர்ப்புக் கருவியை இயக்கப் போன கையை ஹவ்வா தடுத்தார். இந்த ஒரு பதிலை அவர் தமிழில் நன்றாகப் பழகிவைத்திருந்தார்.

"இன்னும் தெரியல ஐயா," என்றார். "இன்னும் கொஞ்ச நாள் வேணும்."